பெருக்கல் குறி

"இந்தப் புத்தகத்தோட உரிமைப் பக்கத்துல ஒரு வரி புதுசா வருது" என்றார் இத்ரீஸ் சார். "பெயர் ஒலிபெயர்ப்பு, அப்புறம் ரெண்டு புள்ளி, அப்புறம் ஒருத்தர் பேரு."

மங்கையர்க்கரசி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் திரும்பியது.

"ஒருத்தர் பேரா சார்? நாங்க ரெண்டு பேரும்லா பாக்கோம்" என்றாள் ஷெர்லி.

"ரெண்டு பேர் போட்டா தப்பு வர்றப்போ ரெண்டு பேரும் அடுத்தவங்களைக் காட்டுவீங்க. ஒருத்தர்தான். யாருன்னு அச்சுக்குப் போறப்போ சொல்றேன். அந்த ஆள்தான் அடுத்து வர்ற அஞ்சு தொகுதிக்கும் பெயர்ப் பொறுப்பு."

பக்க வடிவமைப்புச் செய்யும் பரிமளா அக்கா அந்த மூலையிலிருந்து குரல் கொடுத்தாள். "இருபது வருஷமா பக்கம் ஓட்டறேன். எனக்கு ஒரு வரி கிடையாதா சார்?"

"உனக்குத்தான் எல்லா வரியும் இருக்கே, பரிமளா."

எல்லோரும் சிரித்தார்கள். அரசியும் சிரித்தாள். அந்த வரி தனக்குத்தான் என்று அவளுக்கு உள்ளே ஓர் உறுதி இருந்தது. சிரித்து முடித்தபோது அது கொஞ்சம் குறைந்திருந்தது.

அலுவலகம் ராயப்பேட்டையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. மொழிபெயர்ப்பு நூல்கள் மட்டும் போடுகிற சிறிய பதிப்பகம். அரசி இயற்பியல் படித்துவிட்டு மெய்ப்புப் பார்க்க வந்தவள். வந்த முதல் மாதத்திலேயே, ஒரே ஆள் ஒரே புத்தகத்தில் வில்லியம், வில்லியம்ஸ், வில்யம் என்று மூன்று ஆளாக நடமாடுவதைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து பெயர்கள் அவள் வேலை ஆயின. யாரும் கொடுக்கவில்லை, தானாக அவள் மேசைக்கு வந்து சேர்ந்தன. மூன்று வருடம் ஆயிற்று. எந்தப் புத்தகத்திலும் அவள் பெயர் இல்லை. அவள் கேட்டதும் இல்லை. கேட்பதற்காக ஒரு முறை இத்ரீஸ் சாரின் அறை வரை போய், ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

ஷெர்லி வந்தது இந்த ஆடியில். நாகர்கோவில்காரி. அவளுடைய அண்ணன் பெயர் லிவிங்ஸ்டன், சித்தப்பா ஹென்றி, அத்தை எலிசபெத். அரசி பட்டியல் போட்டு, விதி வகுத்து, ஒலியை நிறுத்து நிறுத்து எழுதுகிற பெயர்களை ஷெர்லி சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கூப்பிட்டு வளர்ந்திருக்கிறாள். இது நியாயமில்லை என்று அரசிக்குத் தோன்றும். எது நியாயமில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஷெர்லி வந்த இரண்டாம் நாள், அரசி அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தாள்.

"தேடி மாத்தறப்போ பேரை முழுசாப் போடாத. ஜாக்ஸன்னு தேடினா கடைசி எழுத்து புள்ளி வச்ச ன். ஜாக்ஸனை, ஜாக்ஸனின், ஜாக்ஸனுக்கு இதுல எல்லாம் அந்தப் புள்ளி இல்ல. கம்ப்யூட்டருக்கு அது வேற எழுத்து. எல்லாம் தப்பிச்சிடும். கடைசி எழுத்தை வெட்டிட்டு ஜாக்ஸ வரைக்கும் தேடு."

"எக்கா, இது யாருக்கு தோணும்!" என்றாள் ஷெர்லி, நிஜமான வியப்புடன்.

அன்று மாலை தேநீர் நேரத்தில் ஷெர்லி இதையே இத்ரீஸ் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சார், எங்க ஊர்ல பாம்பை அடிக்கணும்னா தலையில அடிப்போம். இங்க வாலை வெட்டினாத்தான் சார் பேரு மாட்டுது." சார் தேநீர் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். "நல்லாப் புடிச்சிட்டியேம்மா" என்றார். அரசிக்கா சொன்னதுதான் சார் என்று ஷெர்லி சேர்த்ததும் உண்மை. ஆனால் அதற்குள் சார் சிரித்து முடித்து அறைக்குள் போய்விட்டார்.

அரசி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புத்தகம் வானிலையைப் பற்றியது. காற்றையும் மழையையும் முன்கூட்டிச் சொல்ல மனிதர்கள் பட்ட பாட்டின் வரலாறு. கப்பல் தலைவர்கள், தந்தி நிலையக் குமாஸ்தாக்கள், பலூனில் ஏறி மயங்கி விழுந்தவர்கள். எல்லோரும் ஆங்கிலப் பெயர்க்காரர்கள். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரன்டோவில் இருப்பவர். அவர் கையெழுத்துப் படியில் ஹமில்ரன், ஹன்ரர், றொபேட்சன் என்று வந்தது. அவர் ஊர் வாசகர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. சென்னையில் ஹன்ரர் என்றால் யாருக்கும் வாயில் நுழையாது. "உங்கட வாசகருக்கு ஏத்தமாதிரி மாத்துங்கோ. எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஆளுக்கு ஒரு எழுத்துத்தான் இருக்க வேணும்" என்று மின்னஞ்சலில் சொல்லிவிட்டார்.

இத்ரீஸ் சார் புத்தகத்தை இரண்டாகப் பிரித்தார். முதல் பாதி ஷெர்லிக்கு, இரண்டாம் பாதி அரசிக்கு. பெயர் எந்தப் பாதியில் முதலில் வருகிறதோ அந்த ஆள் எழுத்தை முடிவு செய்து பொதுப் பட்டியலில் ஏற்ற வேண்டும். மற்றவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதாவது முக்கியமான ஆட்களெல்லாம் ஷெர்லியிடம் போனார்கள். முதல் பாதியில் பிறந்தவர்கள்தானே இரண்டாம் பாதியில் சாகிறார்கள்.

ஷெர்லியின் எழுத்துகள் அரசிக்குப் பிடிக்கவில்லை. ஹண்டர், ஹாமில்டன், மில்டன், ராபர்ட்சன் என்று சுலபமாக எழுதிவிட்டுப் போனாள். அரசியாக இருந்தால் ஹன்ட்டர் என்று எழுதியிருப்பாள். ண்ட என்றால் தமிழ் நாக்கு வண்டியில் வருகிற மாதிரி மெலிந்துதான் சொல்லும், வல்லினம் வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும்.

"அப்படிப் பாத்தா மில்ட்டன்னும் எழுதணும்லாக்கா" என்றாள் ஷெர்லி. "படிக்கிறவன் கண்ணு அங்க போயி முட்டி நிக்கும். நாலு புள்ளி அடுத்தடுத்து வந்தா பேரு மாதிரியா இருக்கு, முள்ளுவேலி மாதிரில்லா இருக்கு. ஏற்கெனவே சனங்க வாயில இருக்கப்பட்ட பேரை அது இருக்க மாதிரியே விட்டுரணும். புதுப் பேருக்கு மட்டும் ஒலியைப் பிடிச்சு எழுதணும்."

"எது சனங்க வாயில இருக்கு, எது இல்லன்னு யார் முடிவு பண்றது?"

"வாசிக்கச் சொல்லிக் கேக்கணும்."

பிறகு ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அரசியின் மேசையில் வைத்தாள். அரசி இரண்டு எடுத்தாள். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஷெர்லி நிஜமாகவே வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பரிமளா அக்காவை, கீழே மருந்துக் கடையில் இருப்பவரை, தொலைபேசியில் தன் அம்மாவை. அரசி இதுவரை எல்லாப் பெயரையும் தன் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து முடிவு செய்திருந்தாள். அடுத்தவரிடம் போய் இதைக் கொஞ்சம் வாசியுங்கள் என்று கேட்பதை நினைத்தாலே அவளுக்குக் கழுத்து வியர்க்கும்.

அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அதற்குத் 'திருப்பு' என்று பெயர். பெயர்களெல்லாம் முடிவானதும், அந்தப் பகுதியைத் தொடாத ஒருவரிடம் தமிழில் எழுதிய பெயர்களை மட்டும் கொடுப்பார்கள். அவர் வாசித்து, காதில் என்ன விழுகிறதோ அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுத்துப் பிழை இருக்கலாம், ஒலி சரியாக வந்தால் போதும். வராவிட்டால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் விழுந்த பெயரை எழுதியவர் மாற்றியே ஆக வேண்டும். வாதாடக் கூடாது. இது இத்ரீஸ் சாரின் சட்டம். "வாசகன் பக்கத்துல உக்காந்து நீ விளக்கம் சொல்லப்போறியா? தடுக்கினவன் சொல்றதுதான் தீர்ப்பு" என்பார். ஒரே ஒரு விலக்கு. தமிழில் எழுத்தே இல்லாத ஒலிக்குப் பெருக்கல் போடக் கூடாது. பார்லோ என்ற பெயரில் இருப்பது எந்த ப என்று யாரும் கேட்க முடியாது.

வழக்கமாகத் திருப்புக்கு வெளியாள் வருவார். இந்த முறை புத்தகக் காட்சி நெருங்கிவிட்டதால் நேரம் இல்லை.

"நீங்களே மாத்திக்கோங்க" என்றார் சார். "ஷெர்லி பெயரை அரசி, அரசி பெயரை ஷெர்லி. பட்டியல்ல ஒருத்தர் ஏத்தின பேரு மட்டும். அடுத்தவங்களோட மூலத்தைப் பாக்காதீங்க."

ஷெர்லி முதலில் முடித்தாள். அரசியின் பெயர்களில் பதினொன்றுக்குப் பெருக்கல் போட்டிருந்தாள். பக்கத்தில் சின்னக் குறிப்புகள் வேறு. 'ஸ்ட்ரிக்ட்லண்ட்: நடுவுல ஒரு ட் கூடிப்போச்சு, அம்மை மூணு தடவ முயற்சி பண்ணினா.' 'வேக்ஃபீல்ட்: எனக்கு வந்திச்சு, ஆனா எனக்கு இந்தப் பேரு தெரியும், அதனால கணக்கில்ல. மருந்துக் கடை அண்ணனுக்கு வரல்ல.'

அரசி ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஸ்ட்ரிக்ட்லண்ட் வெறும் தட்டச்சுப் பிழை. மற்றவற்றில் பெரும்பாலும் ஷெர்லி சொல்வது சரி. ஒன்று இரண்டு தவறாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினொண்ணுதானா?" என்று கேட்டார் சார், ஷெர்லியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "மருந்துக் கடைக்காரரையே திருப்புக்கு இழுத்துட்டியா நீ! அரசிம்மா, பாத்தியா, இது நல்ல யோசனை இல்ல?"

"நல்ல யோசனை சார்" என்றாள் அரசி.

ஷெர்லியின் பட்டியலைத் தன் திரையில் திறந்தாள். முதல் பெயர் ஹண்டர். கண் பட்டவுடன் ஹன்ட்டர் என்று ஒலித்தது. தடுக்கவில்லை. ஆங்கிலத்தில் சரியாக எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை அழித்துவிட்டு, ண்ட மெலிந்து ஒலித்தால் எப்படி வருமோ அப்படி எழுதினாள். பக்கத்தில் பெருக்கல் போட்டாள்.

பொய் என்று சொல்ல முடியாது. அப்படியும் வாசிக்கலாம். யாராவது வாசிக்கலாம்.

அடுத்தது ஹாமில்டன். பெருக்கல். மில்டன். பெருக்கல். ராபர்ட்சன். பெருக்கல். ஜாக்சன். பெருக்கல். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இயற்பியல் படித்தவள், காரணம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டாள். நடுவில் ஒரு பெயர் வந்தது, சாமுவேல் பென்டில்டன். முதன்முதலில் புயல் வரைபடம் போட்ட குமாஸ்தா. சாமுவேல் என்று தமிழ்நாட்டில் லட்சம் பேர் இருக்கிறார்கள். ஷெர்லியின் அப்பா பெயரும் சாமுவேல். அரசிக்கு அது தெரியும். ஆங்கிலேயன் வாயில் அது சேம்யுவல்தான், சாமுவேல் அல்ல என்று தனக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டாள். பெருக்கல் போட்டாள்.

முடித்தபோது முப்பதுக்கு மேல் இருந்தது. பதினொன்றைவிட நிறைய. அனுப்பிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

ஷெர்லி நாற்காலியில் சாய்ந்து பட்டியலை மேலும் கீழும் ஓட்டினாள். "எக்கா, இவ்வளவா?"

"எனக்கு வரல. என்ன பண்றது."

"ஹண்டர்கூடவா வரல்ல?"

"வாதாடக் கூடாது" என்றாள் அரசி. குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது.

"வாதாடல்லக்கா. கேட்டேன்." என்றாள் ஷெர்லி. அன்று சிப்ஸ் பொட்டலம் பிரிக்கப்படவில்லை.

இத்ரீஸ் சார் எண்ணிக்கையைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. "என்ன ஷெர்லி, இப்படி விழுந்திருக்கு? மூணுல ஒண்ணு போயிருக்கே." ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டாள். அரசி விசைப்பலகையில் ஒட்டியிருந்த தூசியை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்தது போலிருந்தது. நிம்மதி என்று சொல்லலாம். ஆனால் நிம்மதி இவ்வளவு வேகமாக இதயத்தை அடிக்கவிடாது.

ஷெர்லி எல்லாப் பெயரையும் மாற்றினாள். ஹன்ட்டர், ஹேமில்ட்டன், மில்ட்டன், ராபர்ட்ஸன், ஜேக்ஸன். வாலை வெட்டித் தேடி, ஒன்று விடாமல், தன் பாதியில். பிறகு அலுவலகக் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: 'பெயர்ப் பட்டியல் மாறியிருக்கு. அரசிக்கா, உங்க பாதியிலயும் மாத்தணும், பாத்துக்கோங்க.'

அரசியின் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. ஷெர்லியின் சின்னப் படம், பக்கத்தில் ஒரு வரி. பெயர்ப் பட்டியல் என்ற சொல் வரை படித்தாள். தான் என்ன செய்தோம் என்பதன் மொத்தக் கணக்கு அந்தக் கோப்பில் இருக்கும். திறக்க மனம் வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தாள். மறுநாள் அதற்கு மேல் வேறு செய்திகள் குவிந்துவிட்டன. அவளுடைய பாதி, பழைய எழுத்துகளோடு, பக்க வடிவமைப்புக்குப் போனது.

பெயர்ச் சுட்டி எப்போதும் கடைசியாக வருவது. பக்க எண்கள் உறுதியானபின் பரிமளா அக்கா அதை அகர வரிசையில் எடுப்பாள். அச்சகத்திலிருந்து கோப்பு கேட்டுத் தொலைபேசி வந்துகொண்டிருந்த காலையில் அது வந்தது.

"இன்னாம்மா இது" என்றாள் பரிமளா அக்கா. "பென்டில்டன், சாமுவேல்னு ஒரு ஆளு. பக்கத்துலயே பென்டில்ட்டன், சேம்யுவல்னு ஒரு ஆளு. அண்ணன் தம்பியா இவங்க?"

ஷெர்லி எழுந்து போனாள். அரசியும் போனாள். ஜா வரிசையில் ஒரு ஜாக்சன், ஜே வரிசையில் ஒரு ஜேக்ஸன். ஹாமில்டன் என்று ஒருவர் இருக்கிறார், சற்றுத் தள்ளி ஹேமில்ட்டன் என்று வேறொருவர் கடல் பயணம் கிளம்புகிறார். ஒரே ஆள் இரண்டாகப் பிளந்து, பாதி வாழ்க்கை ஓரிடத்திலும் மீதி வேறிடத்திலும் கிடந்தது. பட்டியல் நெடுக இப்படி. பிளந்திருந்த ஒவ்வொரு பெயரையும் அரசிக்குத் தெரியும். எல்லாம் அவள் பெருக்கல் போட்டவை.

இத்ரீஸ் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். சுட்டியை நின்றபடியே படித்தார். அவர் கத்துகிறவர் இல்லை. குரலைத் தாழ்த்திப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

"திருப்பு முடிஞ்ச பிறகு பேரை மாத்தினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் ஷெர்லி. "பெருக்கல் விழுந்திச்சு. மாத்தினேன். குரூப்ல போட்டேம்லா, அக்கா பாதியிலயும் மாத்தச் சொல்லி."

சார் அரசியைப் பார்த்தார். "பாக்கலையா?"

"செய்தி வந்தது சார். திறக்கல."

"திறக்கல." அவர் அந்தச் சொல்லை ஒரு முறை சொல்லிப் பார்த்தார், அது எந்த மொழி என்பது போல. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இப்ப எந்த எழுத்து நிக்கப் போகுது? முன்னாடி இருந்ததா, பின்னாடி வந்ததா? பரிமளா, நீ பக்கம் ஓட்டுவ, படிக்க மாட்டல்ல?"

"படிச்சா ஓட்ட முடியாது சார். எனக்கு எல்லாம் கட்டம்தான்."

"அப்ப இப்படி வா."

ஒரு துண்டுத் தாளில் ஹண்டர் என்று எழுதிக் காட்டினார். "ஹன்ட்டர்" என்றாள் பரிமளா அக்கா, ட்ட அழுத்தமாக விழ. "வேட்டைக்காரன். எங்க தெருவுல ஒரு நாய்க்குக்கூட அந்தப் பேருதான்." ஹாமில்டன். படித்தாள். ராபர்ட்சன். படித்தாள். சாமுவேல். "இன்னா சார், என்னைக் கலாய்க்கிறியா? சர்ச்சுத் தெரு பூரா சாமுவேலுதான்." சார் அடுத்த தாளை எடுத்தார். ஹேமில்ட்டன். பரிமளா அக்கா வாயைத் திறந்து, மூடி, திறந்தாள். "ஹேமி... ல்ட்... இருங்க. ஹேமில்ட்டன். யாரு இவரு, பல் டாக்டரா?" ராபர்ட்ஸனில் ட்ஸவைத் தாண்ட அவளுக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது. சேம்யுவலைச் சேம்யூவல் என்று நீட்டினாள்.

தாள்களைச் சார் மேசையில் வைத்தார். கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஷெர்லி அரசியின் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் வரவில்லை, முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "அக்கா, பரிமளாக்காக்கு வருது. நீங்க மூணு வருஷமா இதே வேலை செய்தவங்க. உங்களுக்கு எப்படித் தடுக்கிச்சு?"

அரசியிடம் காரணங்கள் இருந்தன. ண்டவின் மெலிவு, ல்ட்டவின் அழுத்தம், ஆங்கிலேயன் வாய். ஒவ்வொன்றாக நாக்கு வரை வந்தது.

"தடுக்கல" என்றாள்.

"என்ன?"

"எதுவும் தடுக்கல. எல்லாம் படிக்க வந்துச்சு. நான்தான் போட்டேன்."

பரிமளா அக்கா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சார் கொஞ்ச நேரம் அரசியையே பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

"எத்தனை பக்கம் தொடணும்?" என்று கேட்டார்.

"அவ பாதி முழுக்க சார். சுட்டியும்" என்றாள் அரசி.

"சாயங்காலத்துக்குள்ள வேணும். ரெண்டு பேரும் உக்காருங்க. பழைய எழுத்துக்கே திருப்புங்க." அறைக்குள் போகத் திரும்பியவர் நின்றார். "வரியில ஷெர்லி பேரு."

அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது.

இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். அரசி தேடினாள், ஷெர்லி அச்சிட்ட பக்கங்களில் சரிபார்த்தாள். ஹேமில்ட்ட என்று தேடி, ஒவ்வொரு இடமாக நின்று, ஹாமில்டன், ஹாமில்டனை, ஹாமில்டனோடு. மொத்தமாக மாற்று என்ற பொத்தானை அரசி தொடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றினாள். ஷெர்லி பக்க எண்ணை மட்டும் சொன்னாள். சிப்ஸ், சினிமா, அம்மா எதுவும் இல்லை.

ராபர்ட்சனுக்கு வந்தபோதுதான் பேசினாள்.

"ஞாயித்துக்கிழம கோயிலுக்குக்கூடப் போவல்ல, தெரியுமா? எனக்குத்தான் ஏதோ காது சரியில்லன்னு நினச்சேன். அம்மைக்கு ஃபோன் போட்டு, எனக்க வேல போயிரும் போலிருக்குன்னு அழுதேன். நீங்க தப்பு சொல்லுவீங்கன்னு ஒரு செகண்டுகூடத் தோணல்ல. வாலை வெட்டச் சொல்லித் தந்தவங்கல்லா."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ அப்படித்தான் நினைச்சிருப்பன்னு தெரியும்."

"தெரிஞ்சும் எனக்க அப்பா பேருக்குப் பெருக்கல் போட்டீங்களே. அப்பாவைப் போயி இங்கிலீசுக்காரனா ஆக்கிட்டேன் உங்களால." சிரிப்பு வரப் பார்த்தது. அவள் அதை வரவிடவில்லை. "ஏன்க்கா? அந்த வரிக்கா?"

"வரிக்கும்தான்."

"அப்புறம் வேற எதுக்கு?"

அரசி திரையில் அடுத்த ராபர்ட்ஸனைக் கண்டுபிடித்தாள். மாற்றினாள். உனக்கு இந்தப் பெயரெல்லாம் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக் கிடைத்தது என்று சொல்லலாம். நீ அடுத்தவரிடம் போய் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாய், என்னால் முடியவில்லை என்று சொல்லலாம். நீ சொன்னால் சிரிக்கிறார்கள் என்று சொல்லலாம். உரக்கச் சொன்னால் எல்லாமே சின்னதாகிவிடும்.

"நூத்தி நாப்பத்தாறு" என்றாள்.

ஷெர்லி பக்கத்தைப் புரட்டினாள். "ம். இருக்கு."

சாயங்காலம் சுட்டி மறுபடி வந்தது. பென்டில்டன் ஒரே ஆளாக இருந்தார். ஜாக்சன் ஜா வரிசையில் மட்டும். பரிமளா அக்கா மேலிருந்து கீழே விரலை ஓட்டி, "எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாங்கப்பா" என்றாள்.

கடைசியாக மிஞ்சியது உரிமைப் பக்கம். அதில் ஆங்கிலச் சொற்கள் நிறைய வரும். ஆஃப்செட், லேமினேஷன், பதிப்பகத்தின் முகவரியில் வருகிற காம்ப்ளக்ஸ். அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவது எப்போதும் அரசிதான். யாரும் அதை மாற்றவில்லை. பரிமளா அக்கா அச்செடுத்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அங்கே இருந்தது அந்த வரி. பெயர் ஒலிபெயர்ப்பு: ஷெர்லி மேபல்.

ஷெர்லி பின்னால் வந்து நின்றாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "முடிஞ்சதும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிடுதேன். அம்மைக்கு அனுப்பணும்." வரியைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று அவள் சொல்லவில்லை. அரசி அதை எதிர்பார்த்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"இரு, பாத்துடறேன்."

ஆஃப்செட் சரி. லேமினேஷன் சரி. காம்ப்ளக்ஸ் சரி. பேனா முனை அந்த வரியில் வந்து நின்றது. ஷெர்லியா, ஷேர்லியா? நடுவில் இருக்கிற ர்லி சிலருக்கு வழுக்கலாம். மேபலில் இருக்கிற ப எந்த ப? அதைக் கேட்கக் கூடாது, அதற்கு எழுத்தில்லை. ல் போதுமா, ள் வேண்டுமா? ஒரு பெருக்கல் போட்டால் யாரும் வாதாட முடியாது, அது சட்டம். அச்சகத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.

பக்கத்தைத் தள்ளிப் பிடித்து, முதன்முறை பார்ப்பவள் போல, வாய்விட்டு வாசித்தாள். ஷெர்லி காதில் விழுகிற அளவுக்கு உரக்க.

"ஷெர்லி மேபல்."

எங்கும் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து தமிழிலேயே இருந்த பெயர் போல நேராகப் போனது.

அரசி ஓரத்தில் சரி என்று குறித்துக் கையெழுத்திட்டாள். தாளை ஷெர்லியிடம் நீட்டினாள். ஷெர்லி ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கினாள். நிழல் விழுகிறதென்று இப்படியும் அப்படியும் திருப்பினாள். அரசி பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.